மொட்டைக் கடிதம்: எழுதியவர் யார், எதற்காக எழுதினார்?



மொழியியல் படித்தவர்கள் வகுப்பறைக்கு வெளியே என்ன வேலை செய்கிறார்கள் என்பதைச் சொல்லும்படி இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளையின் பொறுப்பாளர்கள் கேட்டுக்கொண்டார்கள். அதற்கு மொட்டைக் கடிதத்தை எடுத்துக்கொள்கிறேன். பெயரில்லாமல் வசையும் மிரட்டலுமாக வரும் கடிதம், இன்றைக்குக் கைப்பேசிக் குறுஞ்செய்தி, எதுவானாலும் அதை எழுதியவரைப் பற்றி அந்த எழுத்திலிருந்தே என்ன தெரிந்துகொள்ள முடியும் என்று பார்ப்பது தடய மொழியியலின் ஒரு பகுதி.

இந்த வேலையில் கேள்விகள் இரண்டு. எழுதியவர் எப்படிப்பட்டவர், எந்த ஊர், என்ன படிப்பு, என்ன வயது என்பது முதல் கேள்வி. அவர் ஏன் எழுதினார், சொன்னதைச் செய்யக்கூடியவரா, சொல்வது உண்மைதானா என்பது இரண்டாவது கேள்வி. இரண்டுக்கும் ஒரே காகிதத்திலிருந்துதான் விடை தேடுகிறோம். ஆனால் முதல் கேள்விக்கான சான்று வேறு, இரண்டாவதற்கான சான்று வேறு. முதல் கேள்விக்குச் சரியான விடை கிடைத்த மகிழ்ச்சியில் இரண்டாவதைக் கேட்காமல் விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இங்கிலாந்தில் ஒரு பெரிய சான்று இருக்கிறது. இன்றைய பேச்சு முக்கியமாக அதைப் பற்றியது.

போலிப் பிழைகள்

அதற்கு முன், முதல் கேள்வியை எப்படிக் கையாளுகிறார்கள் என்று ஒரு சிறிய வழக்கில் பார்த்துவிடுவோம். அமெரிக்காவில் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ரோஜர் ஷை என்ற மொழியியலாளரிடம் காவல் துறையினர் ஒரு துண்டுச்சீட்டைக் கொண்டுவந்தார்கள். ஒரு சிறுமியைக் கடத்திய ஆள் எழுதியது. பத்தாயிரம் டாலரைக் குழந்தைத் துணிப்பையில் வைத்து, குறிப்பிட்ட தெருமுனையில் உள்ள பச்சைக் குப்பைத்தொட்டியில் போட வேண்டும், போலீஸ் வந்தால் மகள் பிணமாவாள் என்ற மிரட்டல் அதில் இருந்தது.

படித்தவுடன் எழுத்தறிவு குறைந்தவர் எழுதியது போலத்தான் தெரியும். குப்பைத்தொட்டிக்கும் போலீசுக்குமான எளிய ஆங்கிலச் சொற்களில் ‘சி’ எழுத்து வரவேண்டிய இடத்தில் ‘கே’ போட்டிருந்தார். ‘டாட்டர்’ என்ற சொல்லும் பிழை. ஆனால் ‘பிரெஷியஸ்’, ‘டயாப்பர்’, ‘வாட்ச்சிங்’ போன்ற, இவற்றைவிடக் கடினமான சொற்கள் சரியாக இருந்தன. நிறுத்தக்குறிகளும் ஏறத்தாழச் சரி. உண்மையிலேயே எழுத்துக்கூட்டத் தெரியாதவருக்குக் கடினமான சொல்லில்தான் முதலில் கால் இடறும். எளிய சொல்லில் மட்டும் இடறுகிறவர் வேண்டுமென்றே இடறுகிறார் என்று ஷை முடிவு செய்தார். தமிழில் சொன்னால், ‘வந்தான்’ என்பதில் றன்னகரம் தவறிப்போன ஒருவர் அடுத்த வரியிலேயே ‘நிர்ப்பந்தம்’ என்று ஒற்று மிகாமலும் குறையாமலும் எழுதினால் நாம் புருவத்தை உயர்த்த மாட்டோமா, அதே கதைதான்.

படித்தவர் என்பது தெரிந்தது. ஊர்? நடைபாதைக்கும் சாலைக்கும் இடையே இருக்கும் புல்தரைப் பட்டையை அந்தச் சீட்டு ‘டெவில் ஸ்ட்ரிப்’ என்று குறித்திருந்தது. அமெரிக்கர்கள் பெரும்பாலோர் கேள்வியே படாத பெயர் அது. ஓஹையோ மாநிலத்தில் அக்ரன் நகரத்தை ஒட்டிய பகுதியில் மட்டும் மக்கள் வாயில் புழங்குவது. கடத்தல் நடந்ததோ வேறோர் ஊரில். உங்கள் சந்தேகப் பட்டியலில் அக்ரன்காரர், படித்தவர், யாராவது உண்டா என்று ஷை கேட்டார். ஒருவர் இருந்தார். பிறகு அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. எழுதியவர் தன் படிப்பை மறைக்கப் பாடுபட்டார். ஊரை மறைக்க நினைக்கவேயில்லை. தான் பேசுவது வட்டாரச் சொல் என்பதே அவருக்குத் தெரியாது. எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள் என்று நினைத்தார். மறைக்கத் தோன்றாத இடத்தில்தான் ஆய்வாளர் தேடுகிறார். வசைக் கடிதங்களில் இது இன்னும் எளிது. கோபத்தில் வாயில் வருவது சின்ன வயதில் காதில் விழுந்த வசை. ‘கஸ்மாலம்’ என்று திட்டுகிறவரையும் ‘சவமே’ என்று திட்டுகிறவரையும் ஒரே ஊரில் வைத்து நாம் தேட மாட்டோம்.

சண்டர்லாந்து முத்திரை

இனி பெரிய வழக்கு. 1975 முதல் இங்கிலாந்தின் மேற்கு யார்க்‌ஷைர் பகுதியிலும் மான்செஸ்டரிலும் பெண்கள் அடுத்தடுத்துக் கொல்லப்பட்டார்கள். கொலையாளியைப் பத்திரிகைகள் ‘யார்க்‌ஷைர் ரிப்பர்’ என்று அழைத்தன. 1888இல் லண்டனில் பெண்களைக் கொன்று கடைசிவரை அகப்படாத ‘ஜாக் த ரிப்பர்’ நினைவாக வைத்த பெயர் அது.

1978 மார்ச் மாதம் விசாரணைக்குத் தலைமை தாங்கிய ஜார்ஜ் ஓல்ட்ஃபீல்டு என்ற உயரதிகாரிக்கு ஒரு கடிதம் வந்தது. சில நாளில் ‘டெய்லி மிரர்’ நாளிதழுக்கு இன்னொன்று. ஓராண்டு கழித்து 1979 மார்ச்சில் மூன்றாவது கடிதம், மறுபடியும் ஓல்ட்ஃபீல்டுக்கு. கொலையாளி நான்தான், போலீசுக்கு ஒரு துப்பும் கிடைக்கவில்லை, தெருவில் நிற்கும் பெண்களை ஒழிப்பதே என் வேலை, அவர்களை எச்சரித்து வையுங்கள் என்று ஏளனமும் வசையும் மிரட்டலும் கலந்த கடிதங்கள். கையொப்பம் ‘ஜாக் த ரிப்பர்’. அஞ்சல் முத்திரை வடகிழக்குக் கடற்கரை நகரமான சண்டர்லாந்து.

முதல் கேள்வியை இந்தக் கடிதத்திடம் கேட்டுப் பார்ப்போம். கொல்லப்பட்ட இளம்பெண் ஒருத்தியை எழுதியவர் ‘லாஸி’ என்று குறிப்பிடுகிறார். ஸ்காட்லாந்திலும் வடக்கு இங்கிலாந்திலும் பெண்பிள்ளையைச் சொல்லும் சொல். சுட்டுச்சொல் வரவேண்டிய இடத்தில் ‘தெம்’ போடுகிறார். அது எழுத்து வழக்கில் இல்லாத பேச்சு வழக்கு. ‘நைட்’ என்ற சொல்லை விளம்பரப் பலகையில் எழுதுவதுபோலச் சுருக்கி எழுதுகிறார். ஆனால் ‘ஆப்வியஸ்’, ‘மேனியாக்’, ‘ரெஸ்பெக்ட்ஃபுலி’ போன்றவற்றில் பிழையில்லை. எழுவாயை விட்டுவிட்டுத் தந்தி போல வாக்கியங்களை நறுக்குகிறார். வடக்கத்திக்காரர், ஓரளவு பள்ளிப்படிப்பு உள்ளவர், பேசுவதுபோலவே எழுதுகிறவர் என்ற அளவில் சொல்லலாம். அதற்கு மேல் இந்த எழுத்து இடம் கொடுக்கவில்லை. ‘லாஸி’ என்று சொல்லும் மக்கள் இலட்சக்கணக்கில் இருக்கிறார்கள். ஒரு சொல் எவ்வளவு வேடிக்கையாக இருக்கிறது என்பது கணக்கில்லை. அதை எத்தனை பேர், எவ்வளவு சிறிய இடத்தில் சொல்கிறார்கள் என்பதுதான் அதன் மதிப்பு. ‘டெவில் ஸ்ட்ரிப்’ கொடுத்ததை ‘லாஸி’ கொடுக்காது.

1979 ஜூனில் குரலே வந்துவிட்டது. ஓல்ட்ஃபீல்டுக்கு அஞ்சலில் ஓர் ஒலிநாடா. தன்னை ஜாக் என்று சொல்லிக்கொண்டு, உங்கள்மேல் எனக்கு மதிப்பு உண்டு ஜார்ஜ், ஆனாலும் நான்காண்டுகளுக்கு முன் இருந்த இடத்திலேயே இருக்கிறீர்கள் என்று நிதானமான குரல் கேலி பேசியது. இப்போது லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஸ்டான்லி எல்லிஸைக் கூப்பிட்டார்கள். உடன் அதே பல்கலைக்கழகத்தின் ஒலியியல் ஆசிரியர் ஜாக் விண்ட்சர் லூயிஸ்.

எல்லிஸ் யார் என்பது முக்கியம். 1950 முதல் 1961 வரை லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஹெரால்டு ஆர்ட்டன் தலைமையில் ஆங்கிலக் கிளைமொழிகளுக்கான களஆய்வு நடந்தது. 313 இடங்களுக்குப் போய், ஊரில் பிறந்து ஊரிலேயே வாழ்ந்த முதியவர்களிடம் ஒரே கேள்விப்பட்டியலைக் கேட்டு, விடையை ஒலிக்குறிகளில் எழுதிய பெரும்பணி. அதன் முதன்மைக் களப்பணியாளர்களில் ஒருவர் எல்லிஸ். பண்ணைவீடு பண்ணைவீடாக அலைந்து தேறிய காது அது.

வெளியார் காதுக்கு வடகிழக்கில் எல்லாம் ஒரே பேச்சு. உள்ளூர்க்காரர்களுக்கு அப்படியில்லை. சண்டர்லாந்துக்கும் நியூகாசிலுக்கும் சுமார் 20 கிலோமீட்டர்தான் தூரம். ஆனால் சொல்லின் முதலில் வரும் ‘ஹ’ ஒலியைச் சண்டர்லாந்துக்காரர்கள் விழுங்குவார்கள், நியூகாசில்காரர்கள் உச்சரிப்பார்கள். இப்படி ஒவ்வோர் ஒலியாகப் பிரித்துப் பார்த்து, உள்ளூர்ப் பேச்சோடு ஒப்பிட்டு, வியர் ஆற்றின் வடகரையில் சண்டர்லாந்தை ஒட்டிய சவுத்விக், காசில்டவுன் என்ற பகுதிகளில் வளர்ந்த ஆள் என்று எல்லிஸ் சொன்னார்.

அந்த ஆள் 26 ஆண்டுகள் கழித்து, 2005இல், அகப்பட்டார். பாதுகாத்து வைத்திருந்த ஓர் உறையின் ஒட்டுப்பகுதியில் இருந்த எச்சில் மரபணு காட்டிக்கொடுத்தது. பெயர் ஜான் ஹம்பிள். எல்லிஸ் குறித்த இடத்திற்கு ஆற்றின் எதிர்க்கரையில், மிக அருகில் வளர்ந்தவர். முதல் கேள்விக்கு மொழியியல் கொடுத்த விடை வியக்கத்தக்க அளவுக்குச் சரி.

ஆனால் அவர் கொலைகாரர் இல்லை. ஒரு கொலையையும் செய்யாதவர். உண்மையான கொலையாளி, பிராட்ஃபோர்டு நகரத்து லாரி ஓட்டுநர் பீட்டர் சட்கிளிஃப். யார்க்‌ஷைர்ப் பேச்சுப் பேசுகிறவர்.

கடிதம் தன்னைப் பற்றிச் சொன்னது

இரண்டாவது கேள்விக்கு வருகிறோம். நோக்கத்தைப் படிக்க ஆய்வாளர் கடிதத்திடம் மூன்று கேள்விகளைக் கேட்பார். யாரிடம் பேசுகிறது? என்ன வேண்டும் என்கிறது? எழுதியவருக்குத் தெரிந்திருப்பது எது, அது வேறெங்கும் கிடைக்காததா? முதல் கடிதத்தை இப்படிப் படித்தாலே போதும், அடித்தளம் ஆட்டம் காண்கிறது.

கடிதம் போலீஸ் அதிகாரியிடம் பேசுகிறது. மரியாதையோடு தொடங்கி மரியாதையோடு முடிகிறது. பணம் கேட்கவில்லை, நிபந்தனை விதிக்கவில்லை, நாள் குறிக்கவில்லை. ஷை பார்த்த சீட்டில் இவ்வளவு பணம், இந்த இடம், மீறினால் இது என்ற கட்டுக்கோப்பு இருந்தது. செய்யப்போகிறவர் செய்கிற வழியைப் பற்றிப் பேசியாக வேண்டும். இந்தக் கடிதமோ தன்னைப் பற்றியே பேசுகிறது: என்னைப் பத்திரிகைகள் பைத்தியக்காரன் என்கின்றன, நீங்கள் புத்திசாலி என்கிறீர்கள், நான் புத்திசாலிதான் என்று. எழுதியவருக்கு வேண்டியது வாசகர்.

அடுத்து, கேட்காமலே ஒரு மறுப்பு வருகிறது. என்னைச் சண்டர்லாந்தில் தேடுவீர்கள், வீண் வேலை, பயணத்தின்போது அங்கே அஞ்சலில் போட்டேன், அவ்வளவுதான் என்கிறார். அப்போது யாரும் அவரை அங்கே தேடவில்லை. முத்திரையைப் பார்த்து நாம் கேட்கக்கூடிய கேள்விக்கு முன்கூட்டியே பதில் சொல்லும்போது, அந்த ஊரைப் பற்றிய கவலை எழுதியவருக்கு இருக்கிறது என்று தெரிகிறது. அவர் பயணி இல்லை, அந்த ஊர்க்காரர் என்பதைப் பின்னால் அவர் குரலே சொன்னது.

மூன்றாவது, சொற்கள் எங்கிருந்து வந்தன என்பது. பத்திரிகையில் வந்த படம் தனக்குச் சிரிப்பாணி மூட்டியது என்பதற்கு அவர் பயன்படுத்திய பழைய சொற்றொடரும், புத்திசாலி என்ற பேச்சும், விலைமகளிர் மீதான வெறுப்பைச் சொல்லும் தோரணையும் 1888 செப்டம்பரில் லண்டன் செய்தி நிறுவனம் ஒன்றுக்கு ‘ஜாக் த ரிப்பர்’ கையொப்பத்தோடு வந்த கடிதத்தை ஒத்திருந்தன. விண்ட்சர் லூயிஸ் இதைக் கவனித்தார். சண்டர்லாந்துப் பகுதிக்குப் பொறுப்பான நார்தம்ப்ரியா காவல் துறையின் ஆய்வாளர் ஒருவரும் தனியாக இதைக் கண்டு, கடிதம் போலி என்று எழுதினார். சொந்தச் செயலைச் சொல்கிறவருக்குத் தொண்ணூறு ஆண்டு பழைய புத்தகத்திலிருந்து வாக்கியம் கடன் வாங்கத் தேவையில்லை. அந்த 1888 கடிதமே ஒரு பத்திரிகைக்காரர் எழுதிய போலி என்று அன்றைய அதிகாரிகள் சிலர் கருதினார்கள் என்பது தனிக் கதை.

நான்காவது, எண்ணிக்கை. என்னைப் பொறுத்தவரை இது எல்லாவற்றிலும் பெரிய சான்று. நீங்கள் ஏழு என்கிறீர்கள், எட்டு ஆகிவிட்டது, 1975இல் பிரஸ்டனில் நடந்ததை நினைத்துப் பாருங்கள் என்று முதல் கடிதம் பெருமையடிக்கிறது. அன்றைக்குச் செய்தித்தாள் படித்தவர் யாரும் ஏழு என்றுதான் சொல்வார்கள். பிரஸ்டன் கொலையையும் இவற்றோடு சேர்த்துப் பேசிய செய்திகள் ஏற்கெனவே வந்திருந்தன. ஆனால் 1978 ஜனவரியில் சட்கிளிஃப் பிராட்ஃபோர்டில் இன்னொரு பெண்ணையும் கொன்றிருந்தார். அவருடைய உடல் மார்ச் கடைசியில்தான் கிடைத்தது. கடிதம் எழுதப்பட்டதோ மார்ச் 8 அளவில். அந்தப் பெண் இறந்தது உலகத்தில் கொலையாளி ஒருவருக்குத்தான் தெரியும். தன் கணக்கைச் சொல்லிப் பீற்றிக்கொள்கிற கடிதத்தில் அந்தக் கொலை இல்லை. எழுதியவருக்குச் செய்தித்தாளுக்கு மேல் எதுவும் தெரியாது. உடல் கிடைத்த அன்றே இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்க முடியும்.

ஏன் நம்பினார்கள்?

காவல் துறையினர் மூடர்கள் என்று ஒதுக்கிவிட்டால் இதிலிருந்து நாம் ஒன்றும் கற்க முடியாது. அவர்கள் நம்பியதற்குக் காரணங்கள் இருந்தன. உறையின் எச்சில், மக்களில் சிறு விழுக்காட்டினருக்கே உரிய இரத்தப்பிரிவைக் காட்டியது. பிரஸ்டன் கொலையிலும் அதே பிரிவு. ஆனால் பிரஸ்டன் கொலை வேறொருவர் செய்தது என்பது 2011இல்தான் மரபணுவால் உறுதியானது. மூன்றாவது கடிதத்தில் கொல்லப்பட்ட ஒரு பெண்ணின் மருத்துவமனைச் செய்தி இருந்தது. வெளியாருக்குத் தெரியாதது என்று நினைத்தார்கள். அதுவும் நாளிதழில் வந்திருந்தது. எது வெளியே போயிருக்கிறது, எது போகவில்லை என்ற பட்டியல் இல்லாமல் ‘உள்ளாளுக்கே தெரிந்த செய்தி’ என்று சொல்லும் முடிவு இப்படித்தான் சறுக்கும்.

இதோடு எல்லிஸின் துல்லியமும் சேர்ந்தது. இரண்டு சிறு பகுதிகளைப் பெயர் சொல்லிக் காட்டிய விடை, கேட்டவர்களை மயக்கியது. ஆளின் ஊர் தெரிந்துவிட்டது என்பது, கொலையாளியின் ஊர் தெரிந்துவிட்டது என்று மாறியது. வடகிழக்குப் பேச்சு இல்லாதவர்களைச் சந்தேகப் பட்டியலிலிருந்து நீக்கலாம் என்று விசாரணைக் குழுக்களுக்குச் சொல்லப்பட்டது. 1979 ஜூலையில் சட்கிளிஃபை விசாரித்த காவலர் ஒருவர் அவர்மேல் சந்தேகம் கொண்டு அறிக்கை எழுதினார். பேச்சும் கையெழுத்தும் ஒலிநாடாவோடும் கடிதத்தோடும் பொருந்தவில்லை. கோப்பு ஓரமாகப் போனது.

மொழியியலாளர்கள் இருவரும் வாய்மூடி இருக்கவில்லை. 1979இலேயே காவல் துறையை எச்சரித்தார்கள். அவர்களுடைய வாதம் எளிது. அந்தக் குரல் நாடு முழுக்க ஒலிபரப்பாகிறது. இவ்வளவு சிறிய பகுதியில் அந்தக் குரலை அறிந்தவர்கள் இருப்பார்கள், போலீசும் வீடு வீடாகப் போயிருக்கிறது. அப்படியும் ஆள் சிக்கவில்லை என்றால், விசாரணைக்கு உட்பட்டு, கொலை நாட்களில் தான் வேறிடத்தில் இருந்ததைக் காட்டித் தப்பியிருக்க வேண்டும். அப்படியானால் அவர் கொலையாளி இல்லை. உண்மையான கொலையாளி பேச்சு பொருந்தாததால் விடுபட்டிருக்கலாம். இது ஒலியியல் ஆய்வில்லை, வெறும் தர்க்கம். அதற்குச் செவி கிடைக்கவில்லை. ஹம்பிளே பெயர் சொல்லாமல் தொலைபேசியில் கூப்பிட்டு அந்த ஒலிநாடா ஏமாற்று வேலை என்று சொல்லியும் பயனில்லை.

ஒலிநாடா வந்த பிறகு மேலும் மூன்று பெண்கள் கொல்லப்பட்டார்கள். 1981 ஜனவரியில் ஷெஃபீல்டில், போலி எண்பலகை மாட்டிய காரில் இருந்ததால் தற்செயலாகச் சட்கிளிஃப் பிடிபட்டார். 13 கொலைகளுக்குத் தண்டனை பெற்றார். ஹம்பிளுக்கு 2006இல் எட்டாண்டுச் சிறை.

எல்லை எது?

இந்த வழக்கிலிருந்து நான் எடுக்கும் முடிவு இது. மொழியிலிருந்து ஆளின் வட்டத்தைச் சுருக்கலாம். குற்றத்தை அவர்மேல் சுமத்த முடியாது. “இந்த எழுத்தை எழுதியவர் இன்ன வட்டாரத்தில் வளர்ந்திருக்க வாய்ப்பு அதிகம்” என்பது மொழியியலாளர் சொல்லக்கூடிய வாக்கியம். “இவர்தான் கொலை செய்தார்” என்பது அவருடைய வாக்கியம் இல்லை. முதல் வாக்கியத்தை வைத்து ஆட்களைத் தேடலாம். ஆட்களை நீக்கக் கூடாது. நீக்க வேண்டுமென்றால், எழுதியவரும் செய்தவரும் ஒருவரே என்பது வேறு சான்றால் தனியாக நிறுவப்பட்டிருக்க வேண்டும்.

குறுஞ்செய்தியில் இன்னொரு சிக்கலும் உண்டு. நான்கு வரிச் செய்தியில் எழுதியவரின் பழக்கங்கள் போதுமான அளவு தெரியாது. கைப்பேசியே சொல்லைத் திருத்துகிறது, அடுத்த சொல்லைப் பரிந்துரைக்கிறது. பிழையின்மை எழுதியவருடையதா கருவியுடையதா என்று பிரிக்க வேண்டும். வேறொருவர் அனுப்பியதை அப்படியே முன்னனுப்பியிருந்தால், வசையின் ஊர் ஒன்று, அனுப்பியவரின் ஊர் வேறு. எனவே முதல் வேலை, எந்த வரி இவருடையது, எது கடன் என்று பிரிப்பது. 1888 கடிதத்தின் வாக்கியங்களைப் பிரித்தெடுத்தவர்கள் செய்ததும் இதைத்தான்.

இங்கே அமர்ந்திருக்கும் துறைத் தலைவர்களிடம் ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். ‘டெவில் ஸ்ட்ரிப்’ எங்கே புழங்குகிறது என்று ஷையால் சொல்ல முடிந்ததற்கும், சண்டர்லாந்தில் இரண்டு பகுதிகளை எல்லிஸால் குறிக்க முடிந்ததற்கும், வழக்கு எதுவும் இல்லாத காலத்தில் யாரோ ஊர் ஊராகப் போய்ச் சொல்லும் ஒலியும் திரட்டியதே காரணம். தமிழில் கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரத்துக்குச் சொல்லகராதி செய்து கொடுத்தார். மற்ற வட்டாரங்களுக்கும் அகராதி வேண்டும், ஒலிப்பதிவும் வேண்டும். இளைஞர்கள் கைப்பேசியில் எழுதும் தமிழின் மாதிரியும், உரியவர் ஒப்புதலோடு, சேர வேண்டும். ஒரு சொல் எவ்வளவு அரிது என்பது தெரியாமல் அதை நீதிமன்றத்துக்கு எடுத்துப்போவது ஆபத்து. உங்கள் ஆய்வு மாணவர்களில் ஓரிருவரையாவது இந்தப் பணிக்கு அனுப்புங்கள்.